ஒரே கார்ட், இரண்டு கூப்பன், மூன்று தொகை: கூப்பன் கணக்கை எந்த வழியில் எழுதுவது?

ஒரு ஆன்லைன் துணிக்கடையின் கார்ட்டை எடுத்துக்கொள்வோம். குர்தா ₹1,299, சட்டை ₹849, துப்பட்டா ₹349. மொத்தம் ₹2,497. கடையில் இரண்டு கூப்பன்கள் ஓடுகின்றன. `PONGAL20` போட்டால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆனால் குறைந்தது ₹2,000க்கு வாங்கியிருக்க வேண்டும். `VANGA200` போட்டால் நேராக ₹200 கழியும், அதற்குக் குறைந்தது ₹2,200க்கு வாங்கியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று கடை அறிவித்திருக்கிறது.

கோட் எழுதுபவருக்கு முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு கூப்பனாக எடுத்து, அந்த நேரத்தில் இருக்கும் மொத்தத்தில் கழித்துக்கொண்டே போவது. அப்படி எழுதினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வாடிக்கையாளர் `PONGAL20`ஐ முதலில் போடுகிறார். ₹499.40 கழிந்து ₹1,997.60 ஆகிறது. அடுத்து `VANGA200` போடுகிறார். மொத்தம் இப்போது ₹2,200க்குக் கீழே இருப்பதால் அந்தக் கூப்பன் செல்லாது என்று வருகிறது. அவர் கொடுப்பது ₹1,997.60. இன்னொருவர் அதே பொருட்களோடு `VANGA200`ஐ முதலில் போடுகிறார். ₹2,297 ஆகிறது. அதில் 20 சதவீதம் ₹459.40. அவர் கொடுப்பது ₹1,837.60. ஒரே பொருள், ஒரே கூப்பன்கள், ₹160 வித்தியாசம். இரண்டு தள்ளுபடிகளையும் அசல் தொகையான ₹2,497இன் மேலேயே கணக்கிட்டால் ₹699.40 கழிந்து ₹1,797.60 என்று மூன்றாவது தொகை ஒன்று வரும்.

இதில் எந்தத் தொகை சரி என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யலாம். ஆனால் கூப்பனை எந்த வரிசையில் தட்டச்சு செய்தார் என்பதை வைத்துத் தொகை மாறக் கூடாது. கார்ட்டில் உள்ள பொருட்கள், போட்ட கூப்பன்கள், அந்த நேரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும். கீழே ஒப்பிடும் வழிகளை எல்லாம் நான் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். சொந்தமாக கார்ட் எழுதுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மெஜன்டோ, வூகாமர்ஸ், ஷாப்பிஃபை போன்ற தயார் மென்பொருளில் கடை நடத்துகிறவர்களுக்கும் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதே கேள்விகள்தான் வரும்.

அடுக்கும் வழிகள்

மிக எளிய வழி, ஒரு ஆர்டருக்கு ஒரே கூப்பன். மெஜன்டோ நீண்ட காலமாக ஒரு கார்ட்டில் ஒரு கூப்பன் குறியீட்டைத்தான் ஏற்று வந்தது. வூகாமர்ஸில் ஒவ்வொரு கூப்பனுக்கும் `Individual use only` என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் அந்தக் கூப்பன் தனியாகத்தான் நிற்கும். கடை புதிதாகத் தொடங்குகிறது, மாதத்துக்கு ஒன்றிரண்டு சலுகைதான் என்றால் நான் இதையே சொல்வேன். கணக்கில் தப்பு வர வாய்ப்பு குறைவு, வாடிக்கையாளருக்கும் புரியும். சிக்கல் பிறகு வருகிறது. மார்க்கெட்டிங் பக்கம் இலவச டெலிவரிக் கூப்பன் ஒன்று வேண்டும் என்பார்கள், அதைப் பண்டிகைத் தள்ளுபடியோடு சேர்க்கவும் வேண்டும் என்பார்கள். அன்றைக்கு இந்த விதி உடையும். அவசரத்தில் அதற்கு ஒரு விதிவிலக்கு எழுதுவார்கள், அப்புறம் இன்னொன்று. ஆகவே ஒரே கூப்பன் என்று தொடங்கினாலும் டேட்டாபேஸில் கூப்பன்களை ஒரு பட்டியலாகவே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வழி, எல்லாக் கூப்பன்களையும் அசல் தொகையின் மேல் தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் கூட்டிக் கழிப்பது. வூகாமர்ஸ் இயல்பாக இப்படித்தான் செய்கிறது. `Calculate coupon discounts sequentially` என்ற அமைப்பை இயக்கினால்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்கும். அசல் தொகையின் மேல் கணக்கிடும்போது வரிசையே ஒரு பொருட்டில்லை, அது இதன் பெரிய பலம். பலவீனம், சதவீதங்கள் கூடிக்கொண்டே போவது. 20 சதவீதமும் 10 சதவீதமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 28 சதவீதம்தான் கழியும், அசல் தொகையின் மேல் போனால் 30 சதவீதம். 50, 30, 25 என்று மூன்று கூப்பன்கள் சேர்ந்தால் 105 சதவீதம் ஆகிவிடும். மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுக்க ஒரு வரி கோட் போதும். ஆனால் இலவசமாகப் பொருள் போய்விட்டதே என்ற கேள்விக்கு அந்த வரி பதில் சொல்லாது.

மூன்றாவது வழி, கணினியே எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று வாடிக்கையாளருக்கு மிகக் குறைந்த தொகையைக் கண்டுபிடிப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஐந்து கூப்பன்கள் இருந்தால் 32 சேர்க்கைகள், வரிசையும் பார்த்தால் இன்னும் அதிகம். இன்றைய சர்வருக்கு அது பெரிய வேலை இல்லை. எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு. வாடிக்கையாளர் ஒரு சாக்ஸைச் சேர்த்தவுடன் இதுவரை ஓடிய கூப்பன் காணாமல் போய் வேறொன்று வந்து நிற்கும். ஏன் என்று கேட்டு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், அங்கே இருப்பவராலும் விளக்க முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய கூப்பனை ₹3 லாபத்துக்காகச் செலவழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அடுத்த மாதம் பெரிதாக வாங்க அவர் அதைச் சேமித்து வைத்திருக்கலாம்.

நான்காவது வழி, நிலையான படிகள். முதலில் பொருளின் மேலுள்ள சலுகை, அடுத்து மொத்த ஆர்டர் மீதான சதவீதத் தள்ளுபடி, அடுத்து ரூபாய்க் கணக்கில் கழிவு, கடைசியில் டெலிவரிக் கட்டணம். ஒவ்வொரு கூப்பனும் இதில் ஒரு படியைச் சேர்ந்தது. யார் எந்த வரிசையில் போட்டாலும் கணக்கு படி வரிசையில்தான் நடக்கும். ஷாப்பிஃபை ஏறக்குறைய இந்த வழியில் இருக்கிறது. தள்ளுபடிகளைப் பொருள், ஆர்டர், டெலிவரி என்று மூன்று வகையாகப் பிரித்து, பொருள் தள்ளுபடியை முதலில் கழித்து, மிச்சத்தின் மேல்தான் ஆர்டர் தள்ளுபடியைக் கணக்கிடும். எந்த வகை எந்த வகையோடு சேரலாம் என்பதையும் கடைக்காரரே ஒவ்வொரு தள்ளுபடிக்கும் குறிக்கலாம். மெஜன்டோவில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் முதலில் ஓடும். `Discard subsequent rules` என்று வைத்தால் அதற்குப் பிறகு வரும் விதிகள் நின்றுவிடும்.

நான் தேர்ந்தெடுப்பது இந்த நான்காவது வழி. மெஜன்டோ போல ஒவ்வொரு விதிக்கும் ஒரு எண் கொடுப்பதைவிட, படிகளைக் கோடில் நிலையாக வைப்பது எனக்குப் பிடிக்கும். எண் கொடுக்கும் உரிமை சலுகையை உருவாக்குகிறவரிடம் இருந்தால், தீபாவளி நெருக்கடியில் இரண்டு விதிகளுக்கு ஒரே எண் விழும். சதவீதம் முதலில், ரூபாய்க் கழிவு பிறகு என்று நான் வைப்பதற்கும் காரணம் உண்டு. மேலே உள்ள கார்ட்டில் ₹200ஐ முதலில் கழித்தால், 20 சதவீதம் ₹2,297இன் மேல் வரும், வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி ₹40 குறைந்துவிடும். ₹200 என்று கொடுத்த கூப்பன் உண்மையில் ₹160தான் கொடுத்தது போல ஆகும். ரூபாயில் சொன்ன கூப்பன் அந்த ரூபாயை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

சேரவே கூடாத இரண்டு கூப்பன்களை ஒருவர் போட்டால்? கடைசியாகப் போட்டது நிற்கும் என்று எழுதினால் வரிசை மறுபடி உள்ளே வந்துவிடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் வாடிக்கையாளருக்கு அதிகம் கிடைப்பதை வைத்துக்கொண்டு, சமமாக இருந்தால் கூப்பன் குறியீட்டின் அகர வரிசையைப் பார்க்கலாம். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று திரையில் சொல்லிவிட வேண்டும்.

குறைந்தபட்சத் தொகை: எந்த மொத்தத்தைப் பார்ப்பது?

எனக்குத் தெரிந்து கூப்பன் கோடில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். ‘₹2,200க்கு மேல் வாங்கினால்’ என்று விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். எந்த ₹2,200 என்று யாரும் கேட்பதில்லை. பட்டியல் விலையின் கூட்டலா, பொருள் சலுகை கழித்த பிறகா, எல்லாக் கூப்பனும் கழித்து வாடிக்கையாளர் கொடுக்கப்போகும் தொகையா?

கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். கார்ட்டில் ₹2,300க்குப் பொருள் இருக்கிறது. `VANGA200` போடுகிறார். ₹2,300 என்பது ₹2,200ஐத் தாண்டியதால் ஏற்கப்படுகிறது, தொகை ₹2,100 ஆகிறது. பிறகு அவர் சட்டையின் அளவை மாற்றுகிறார், கார்ட் மறுபடி கணக்குப் போடுகிறது. இப்போது ₹2,100 என்பது ₹2,200க்குக் கீழே, கூப்பன் நீக்கப்படுகிறது. தொகை மறுபடி ₹2,300. மறுபடி போட்டால் ஏற்கும், இன்னொரு மாற்றம் செய்தால் நீக்கும். கூப்பன் தன்னைத்தானே செல்லாததாக்கிக்கொள்கிறது. வாடிக்கையாளர் ‘கூப்பன் வந்து வந்து போகிறது’ என்று புகார் சொன்னால் முதலில் இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். தன் கழிவை விட்டுவிட்டு மற்றக் கூப்பன்களின் கழிவை மட்டும் பார்த்தாலும் பிரச்சினை தீராது. இரண்டு கூப்பன்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும், எது முதலில் வந்ததோ அது தங்கும்.

பட்டியல் விலையைப் பார்ப்பது வாடிக்கையாளருக்குத் தாராளமானது, கணக்கும் நிலையானது. ஆனால் துப்பட்டாவுக்கு ₹100 சலுகை ஓடி அது ₹249க்கு விற்கிறது என்றால், திரையில் கூட்டுத்தொகை ₹2,397 என்று தெரியும், கோட் உள்ளே ₹2,497ஐ வைத்துக்கொண்டு முடிவெடுக்கும். 50 சதவீதச் சலுகை விற்பனை நடக்கும் நாட்களில் இந்த இடைவெளி பெரிதாகிவிடும். ₹1,100 கொடுக்கிறவருக்கு ₹2,200 வரம்புக் கூப்பன் வேலை செய்யும். கடைக்காரர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

அதனால் நான் நடுவில் உள்ளதை எடுப்பேன். பொருள் சலுகைகள் கழித்த பிறகு, கூப்பன் எதுவும் கழிக்காமல், டெலிவரிக் கட்டணம் சேர்க்காமல் வரும் தொகை. இதை ஒருமுறை கணக்கிட்டு, எல்லாக் கூப்பனின் வரம்பையும் அதே எண்ணோடு ஒப்பிட வேண்டும். திரையில் ‘பொருட்களின் மொத்தம்’ என்று காட்டுவதும் இதே எண்ணாக இருந்தால், ‘இன்னும் ₹151க்கு வாங்கினால் `VANGA200` கிடைக்கும்’ என்று சொல்லும் வரியை வாடிக்கையாளர் தன் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள முடியும். இந்த அடிப்படையில் நம் முதல் கார்ட்டைப் பார்த்தால், ₹2,497 இரண்டு வரம்புகளையும் தாண்டுகிறது, இரண்டு கூப்பன்களும் எந்த வரிசையிலும் ஏற்கப்படும், தொகை எப்போதும் ₹1,797.60.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ‘குர்தாக்களுக்கு மட்டும் 20 சதவீதம், ₹2,000க்கு மேல் வாங்கினால்’ என்று ஒரு கூப்பன் வந்தால், ₹2,000 என்பது குர்தாக்களின் கூட்டலா, மொத்தக் கார்ட்டா? இரண்டுமே நியாயமான சலுகைகள்தான். ஆகவே தள்ளுபடி எதற்குப் பொருந்தும் என்பதையும் வரம்புக்கு எதை எண்ணுவது என்பதையும் டேட்டாபேஸில் இரண்டு தனிப் புலங்களாக வைத்து, கூப்பன் உருவாக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பரிசு அட்டையில் இருக்கும் பணம் தள்ளுபடியில் சேராது. அது பணம் செலுத்தும் முறை, வரம்புக் கணக்கைத் தொடக் கூடாது.

சேரக் கூடாத கூப்பன்களை விலக்குவதைத் தவிர, மேலே சொன்னது கோடில் இவ்வளவுதான்:

```js
function price(lines, coupons, now) {
  const base = afterItemOffers(lines);   // பைசாவில், முழு எண்
  const ok = coupons
    .filter(c => c.startsAt <= now && now < c.endsAt)
    .filter(c => countedSum(base, c) >= c.minSpend)
    .sort((a, b) => a.layer - b.layer || (a.code < b.code ? -1 : 1));
  return allocate(base, ok);
}
```

`now` வெளியிலிருந்து வருவதைக் கவனியுங்கள். உள்ளே `Date.now()` என்று அழைத்தால் காலாவதியைச் சோதித்துப் பார்ப்பது கடினமாகிவிடும், ஒரே கணக்குக்குள் இரண்டு இடங்களில் இரண்டு நேரம் கிடைக்கவும் வாய்ப்புண்டு.

காலாவதி: நாளா, நொடியா?

‘ஜனவரி 15 வரை’ என்று விளம்பரம். வாடிக்கையாளர் இதை 15ஆம் தேதி இரவு 12 மணி வரை என்றுதான் எடுத்துக்கொள்வார். டேட்டாபேஸில் `2026-01-15` என்று தேதியை மட்டும் வைத்தால், பல இடங்களில் அது 15ஆம் தேதி தொடங்கும் நொடியாக மாறிவிடும், பொங்கல் காலையிலேயே கூப்பன் செத்திருக்கும். வூகாமர்ஸில் காலாவதித் தேதி இப்படித்தான் வேலை செய்கிறது, குறித்த தேதி பிறக்கும் நள்ளிரவில் முடிந்துவிடும். 15 முழுதும் ஓட வேண்டும் என்றால் 16 என்று போட வேண்டும். சர்வர் யுடிசி நேரத்தில் இயங்கி, 16ஆம் தேதி யுடிசி நள்ளிரவு என்று வைத்தால், இங்கே 16 காலை ஐந்தரை மணி வரை கூப்பன் ஓடும்.

`23:59:59` என்று வைப்பது பலரின் பழக்கம். அதில் கடைசி நொடிக்குள் மில்லி நொடிகளில் வரும் ஆர்டர்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி தொங்கும். சரியான வழி, தொடக்க நொடியைச் சேர்த்து, முடிவு நொடியைச் சேர்க்காமல் வைப்பது. முடிவு `2026-01-16T00:00:00+05:30`, அதாவது யுடிசியில் `2026-01-15T18:30:00Z`. நிர்வாகத் திரையில் கடைக்காரர் ‘15 வரை’ என்று தேர்ந்தெடுக்கட்டும், அதை அடுத்த நாள் தொடக்கமாக மாற்றுவது கோடின் வேலை.

இதைவிடக் கடினமான கேள்வி, காலாவதியை எந்தக் கட்டத்தில் பார்ப்பது என்பது. ஒருவர் 11:50க்குக் கூப்பன் போடுகிறார், 11:58க்கு ஆர்டர் பட்டனை அழுத்துகிறார், யுபிஐ செயலிக்குப் போய் பின் எண் போட்டு முடிக்கும்போது 12:02. கூப்பன் போட்ட நேரத்தை வைத்தால், கார்ட்டில் கூப்பனைப் போட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வாங்குகிறவருக்கும் செல்லும். பணம் வந்த நேரத்தை வைத்தால், அவர் கண்ணுக்கு ₹1,797.60 என்று காட்டி, வங்கியிலிருந்து அதே தொகையை எடுத்தும் முடித்துவிட்டு, இப்போது ஆர்டரை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பேமென்ட் கேட்வேயில் தொகையை முன்பே குறித்துத்தான் கோரிக்கையை உருவாக்குகிறோம், இடையில் அதைக் கூட்டவும் வழியில்லை.

ஆர்டர் பட்டனை அழுத்தும் நொடிதான் பொருத்தமான இடம். அந்த நொடியில் சர்வர் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு, தொகையைப் பூட்டி, 15 நிமிடம் போல ஒரு அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த அவகாசத்துக்குள் பணம் வந்தால் இடையில் கூப்பன் முடிந்திருந்தாலும் பூட்டிய தொகை நிற்கும். அவகாசம் தாண்டிப் பணம் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை சில நேரம் நிலுவையில் நின்று பிறகு முடியும். அது வாடிக்கையாளர் கையில் இல்லாத விஷயம் என்பதால், பொருள் கையிருப்பில் இருக்கும்வரை பூட்டிய தொகைக்கே ஆர்டரை ஏற்றுவிடுவது என் பரிந்துரை.

பட்டனை அழுத்தும்போது திரையில் இருந்த தொகையையும் சர்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் கணக்கிட்டது அதிலிருந்து வேறுபட்டால் பணம் கேட்கும் கட்டத்துக்குப் போகாமல், ‘`PONGAL20` நள்ளிரவோடு முடிந்துவிட்டது, புதிய தொகை ₹2,297’ என்று காட்டி, மறுபடி சம்மதம் வாங்க வேண்டும்.

முதல் 100 பேருக்கு மட்டும் என்று எண்ணிக்கை வரம்பு உள்ள கூப்பன்களையும் இதே நொடியில்தான் பிடிக்க வேண்டும். எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு கூட்டி எழுதினால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு பேருக்கு நூறாவது இடம் கிடைத்துவிடும். படிப்பதும் கூட்டுவதும் ஒரே கட்டளையில் நடக்கட்டும்:

```sql
UPDATE coupons SET used = used + 1
WHERE code = 'VANGA200' AND used < max_uses;
```

மாறிய வரிகள் பூஜ்யம் என்றால் கூப்பன் தீர்ந்துவிட்டது. பணம் வராமல் அவகாசம் முடிந்தால் ஒன்றைத் திருப்பிக் குறைக்க வேண்டும், அதையும் ஒரு ஆர்டருக்கு ஒரே முறைதான் குறைக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைசா எங்கே போனது?

தொகைகளைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பது பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் `0.1 + 0.2` என்பது `0.30000000000000004` என்று வரும், அது ஒன்றே போதுமான காரணம். பலர் விட்டுவிடுவது அதற்கு அடுத்த படியை, அதாவது மொத்தத் தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பிரிப்பதை. பிரித்தே ஆக வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 15(3)இன்படி, விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் தள்ளுபடிக்குப் பிந்தைய விலையின் மேல்தான் வரி. ஆயத்த ஆடைக்கு இது வரி விகிதத்தையே மாற்றும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ஆடையின் விற்பனை மதிப்பு ₹2,500 வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரி உட்பட ₹3,200க்கு விற்கும் குர்தாவின் வரிக்கு முந்தைய மதிப்பு ₹2,711.86, அது 18 சதவீதத்தில் வரும். 20 சதவீதக் கூப்பனுக்குப் பிறகு ₹2,560 ஆனால் வரிக்கு முந்தைய மதிப்பு ₹2,438.10, அது 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கூப்பன் கழிவைப் பில்லின் அடியில் ஒரே தொகையாகக் காட்டும் கோட் இங்கே தவறான ஜிஎஸ்டியைப் போடும்.

நம் கார்ட்டுக்கு வருவோம். ₹699.40, அதாவது 69,940 பைசாவை மூன்று பொருளுக்கும் விலை விகிதத்தில் பிரிக்க வேண்டும். குர்தாவுக்கு 36,384.49, சட்டைக்கு 23,780.16, துப்பட்டாவுக்கு 9,775.35 வருகிறது. ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் 36,384, 23,780, 9,775. கூட்டிப் பாருங்கள், 69,939. ஒரு பைசா காணோம். பில்லின் பொருள் வரிகளைக் கூட்டினால் ₹1,797.61, கேட்வேயில் வாங்கியது ₹1,797.60. மாதக் கடைசியில் கணக்காளர் கேட்கும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

மிச்சத்தைக் கடைசிப் பொருளின் மேல் போட்டுவிடுவது ஒரு வழி. அதில் கார்ட்டில் பொருட்களின் வரிசை மாறினால் பைசாவும் இடம் மாறும். எல்லாவற்றையும் கீழ்நோக்கி முழு எண்ணாக்கி, மிஞ்சும் பைசாக்களைப் பின்னம் பெரிதாக உள்ள பொருளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கொடுப்பது இன்னொரு வழி. நான் எடுப்பது இதைத்தான். இங்கே குர்தாவின் பின்னம்தான் பெரியது, அதனால் அதற்கு 36,385. பின்னங்கள் சமமானால் பொருளின் குறியீட்டு எண்ணை வைத்து முடிவு செய்யலாம். குர்தா ₹935.15, சட்டை ₹611.20, துப்பட்டா ₹251.25. கூட்டினால் சரியாக ₹1,797.60.

துப்பட்டாவைத் திருப்பிக் கொடுத்தால்

இப்படிப் பிரித்து வைத்ததன் பலன் இங்கே தெரியும். வாடிக்கையாளர் துப்பட்டாவைத் திருப்புகிறார். மிச்சம் இருக்கும் பொருட்களின் மொத்தம் ₹2,148, `VANGA200`இன் வரம்புக்குக் கீழே. எவ்வளவு திருப்பித் தருவது?

மிச்சத்துக்குப் புதிதாகக் கணக்குப் போடும் கடைகள் இருக்கின்றன. அப்படியென்றால் `PONGAL20` மட்டும் நிற்கும், குர்தாவுக்கும் சட்டைக்கும் ₹1,718.40 ஆகும், அவர் ஏற்கெனவே கொடுத்தது ₹1,797.60, ஆகவே ₹349 துப்பட்டாவுக்கு ₹79.20தான் திரும்பக் கிடைக்கும். கணக்குச் சரிதான். ஆனால் பில்லில் ₹251.25 என்று பார்த்தவரிடம் இதைச் சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார். இன்னொரு வழி, பில்லில் அந்தப் பொருளுக்கு அவர் கொடுத்ததையே திருப்புவது, ₹251.25. வரம்பைத் தாண்டுவதற்காக ஒன்றைச் சேர்த்து வாங்கிப் பிறகு திருப்புகிறவரால் இந்த ஆர்டரில் கடைக்கு ஆகும் நஷ்டம் ₹172.05. அது உண்மையான நஷ்டம்தான், திரும்பத் திரும்ப அப்படிச் செய்யும் கணக்குகளைத் தனியாகக் கண்காணிக்கலாம். அதற்காக நேர்மையாகத் திருப்புகிற எல்லோருக்கும் புரியாத கணக்கைக் காட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். வரிக்கான கிரெடிட் நோட்டையும் பில்லில் உள்ள அதே எண்களை வைத்து எழுதிவிடலாம். நீங்கள் மறுகணக்கு வழியைத்தான் எடுப்பதென்றால், வாங்கும் முன்பே கார்ட் பக்கத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் ஆர்டரோடு அன்றைய கூப்பன் விதியின் நகலையும் பொருள்வாரிப் பிரிவையும் சேமித்து வையுங்கள். கூப்பன் அட்டவணையைச் சுட்டும் எண்ணை மட்டும் வைத்தால், யாராவது `PONGAL20`ஐ அடுத்த ஆண்டுக்கு 15 சதவீதமாகத் திருத்தும் நாளில் பழைய பில்களும் மாறிவிடும்.

சோதனைகள்

இவ்வளவையும் எழுதிய பிறகு நான் முதலில் வைப்பது ஒரு கலைப்புச் சோதனை. கார்ட்டின் பொருள் வரிசையையும் கூப்பன் வரிசையையும் தாறுமாறாகக் கலைத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, தொகையும் பொருள்வாரிப் பிரிவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது:

```js
assert.deepEqual(
  byId(price(shuffle(lines), shuffle(coupons), now)),
  byId(price(lines, coupons, now))
);
```

வரிசையைச் சார்ந்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலேயே சிக்கும். அதே ஓட்டத்தில் பொருள்வாரித் தள்ளுபடிகளின் கூட்டல் மொத்தத் தள்ளுபடிக்குச் சமமா, எந்தப் பொருளின் விலையும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லைகளுக்குத் தனிச் சோதனைகள் வேண்டும். வரம்புக்கு 2,19,999 பைசா, 2,20,000 பைசா என்று இரண்டு கார்ட், காலாவதிக்கு `18:29:59.999Z`, `18:30:00.000Z` என்று இரண்டு நேரம். இரண்டிலும் முதலாவதில் ஒரு விடை, இரண்டாவதில் மறு விடை வர வேண்டும். அது எந்த விடை என்று கோடைப் பார்க்காமல் கடைக்காரரால் சொல்ல முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், விளம்பர வாசகத்தில் எங்கோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, கோடைத் தொடும் முன் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.